விடிய விடியக் கூத்துக்கு டிக்கெட்: அறிவிப்பில் எதை எழுதினால் வாசலில் சண்டை வராது?

காஞ்சிக் கூத்துப்பிரியர், 3 ஜனவரி 2025

காஞ்சிபுரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருடம் ஒரு முறை தெருக்கூத்து நடத்துகிறோம். பங்குனி பிறந்துவிட்டால் கூத்துக் குழுக்களுக்கு ஊர் ஊராகப் பாரதக் கூத்து வந்துவிடும், தேதி கிடைக்காது. அதனால் தை மாதத்திலேயே முடித்துவிடுவோம். போன வருடம்தான் முதன்முறையாக டிக்கெட் போட்டோம். கூத்து நன்றாக நடந்தது. வாசலில்தான் இரவு முழுவதும் வாக்குவாதம். யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு வாக்குவாதத்துக்கும் வேர் எங்கள் துண்டறிக்கையில் இருந்த ஏதோ ஒரு வரிதான்.

பெரிய தவறு தேதியில். “ஞாயிறு இரவு 12 மணி” என்று அச்சிட்டோம். நாங்கள் நினைத்தது சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் 12 மணி. முப்பது பேருக்கு மேல் ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுப் பாயும் போர்வையுமாக வந்து பூட்டிய மண்டபத்தின் முன் நின்றார்கள். அதில் உத்திரமேரூர்ப் பக்கமிருந்து பேரனைக் கூட்டிவந்த ஒரு பெரியவரும் இருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த வருட வரைவு இது. எங்கெல்லாம் ஓட்டை என்று சொல்லுங்கள்:

“பிப்ரவரி 8 இரவு 12 மணி முதல் விடிய விடியக் கர்ணன் கூத்து. முதல் வகுப்பு ரூ.300, இரண்டாம் வகுப்பு ரூ.200, பாய் ரூ.100. குழந்தைகளுக்கு இலவசம். முன்பதிவுக்கு அணுகவும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

நெய்வேலி வாசகி, 3 ஜனவரி

தேதியில் அதே தவறுதான் மறுபடியும் இருக்கிறது. 8ஆம் தேதி இரவு 12 என்றால் 7 முடிந்து 8 பிறக்கும் நேரமா, 8 முடியும் நேரமா? எங்கள் குடும்பமே இப்படி ஒரு ரயிலைத் தவறவிட்டது. டிக்கெட்டில் 00.15 என்று இருந்தது. அந்தத் தேதியின் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிம்மதியாக ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி முந்தைய இரவே போய்விட்டிருந்தது. நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், பதினோரு மூட்டைகள்.

சபாக் கணக்கர், 4 ஜனவரி

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்னையில் ஒரு சபாவின் டிக்கெட் கவுன்டரில் இருந்தவன் நான். அம்மா சொல்வது சரி. காரணத்தையும் சொல்கிறேன், காரணம் தெரியாவிட்டால் அடுத்த வருடமும் இது வரும். நம் பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. சனி இரவு இரண்டு மணி என்றால் ஊர்ப் பெரியவருக்கு அது இன்னும் சனிதான். கடிகாரத்துக்கும் கைபேசிக்கும் அது ஞாயிறு. உங்கள் கூட்டத்தில் இரண்டு வகை மனிதர்களும் இருக்கிறார்கள். ஆகவே நள்ளிரவை ஒட்டி எந்த நேரத்தையும் தொடக்கமாகப் போடாதீர்கள். பத்து மணிக்கே தொடங்குங்கள். அதோடு இரண்டு கிழமையையும் எழுதுங்கள்: “சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 5.30க்கு முடியும்.” இப்படி எழுதினால் எந்தக் கணக்கில் படித்தாலும் ஒரே இரவுதான் வரும். தமிழ்த் தேதியையும் சேர்க்கலாம், பிப்ரவரி 8 தை 26. வீட்டில் தாள் கிழிக்கும் காலண்டர் பார்ப்பவர்களுக்கு அது உதவும்.

“முதல் வகுப்பு” என்பதை எடுத்துவிடுங்கள். எது முதல், எங்கிருந்து முதல் என்று யாருக்கும் தெரியாது. அரங்கின் அமைப்பைச் சொல்லுங்கள், பிறகு இருக்கையைப் பற்றிப் பேசுவோம். இடம் மைதானமா, மண்டபமா?

பெங்களூர் வாசகர், 4 ஜனவரி

எனக்கு மூன்று டிக்கெட் வேண்டும். முதல் வகுப்பு. பணம் எந்த எண்ணுக்கு அனுப்புவது? காரில் வருகிறோம், மண்டபத்தில் தங்க அறை கிடைக்குமா?

காஞ்சிக் கூத்துப்பிரியர், 4 ஜனவரி

பெங்களூர் நண்பரே, விற்பனை இன்னும் தொடங்கவில்லை. இது வரைவுதான். ஆனால் உங்கள் கேள்வி எனக்கு உதவியது. ஒரு வரைவைப் பார்த்த உடனே ஒருவருக்குத் தோன்றும் மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை: எங்கே பணம் கட்டுவது, வண்டியை எங்கே விடுவது, படுக்க இடம் உண்டா. குறித்துக்கொண்டேன்.

கணக்கர் ஐயா, இடம் மண்டபம். முதலில் மைதானம்தான் பார்த்தோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்கு மாநில அரசு தளர்வு கொடுத்தாலும் அது நள்ளிரவு வரைதான். கர்ணன் களத்துக்குப் போகவே எங்களுக்கு மூன்று மணி ஆகிவிடும். மூடிய அரங்குக்குள், அங்கிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி என்றால் விலக்கு உண்டு. அதனால் திருமண மண்டபத்துக்குப் போனோம். மேடையை விட்டுவிட்டுக் கீழே தரையில் களம். பதினைந்தடிக்குப் பதினைந்தடி. முன்னால் பாய், நடுவில் நாற்காலி, இரு பக்கமும் நாற்காலி.

ஆரணித் தம்பி, 5 ஜனவரி

தரையில் ஆடுகிறீர்கள் என்றதும் மனம் நிறைந்தது, அண்ணா. மேடையில் ஏற்றினால் கூத்து சினிமாத் திரைபோல் ஆகிவிடுகிறது. நான் ஆரணி பக்கத்துக் கிராமத்துப் பையன், ஏழு வயதிலிருந்து பாயில் படுத்துக்கொண்டே கூத்து பார்த்தவன். ஒன்று சொல்லவேண்டும். பக்கவாட்டு நாற்காலியில் திரைப் பிரவேசம் சரியாகத் தெரியாது. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று வேஷம் பாடி, கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டி, சலங்கையை மட்டும் கேட்கவைத்து, கடைசியில்தான் திரை விலகும். அந்தத் தவிப்பு நேர் எதிரே உட்கார்ந்தால்தான் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவன் திரைக்குப் பின்னால் நிற்பவரை முன்கூட்டியே பார்த்துவிடுவான். அதனால் பக்கம் மலிவாகத்தான் இருக்கவேண்டும். அதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சபாக் கணக்கர், 5 ஜனவரி

தம்பி சொல்வது பாதி சரி. விலை குறையவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டு இடம் கெட்ட இடம் என்று முடிவு கட்டவேண்டாம். கச்சேரிகளில் மிருதங்கக்காரரின் வலது கையைப் பார்ப்பதற்கென்றே ஓரத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் எங்களிடம் உண்டு. கூத்திலும் திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். “பக்கவாட்டுப் பார்வை, திரைக்குப் பின்புறம் தெரியும்” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒருவர் அதைக் குறையாக எடுப்பார், இன்னொருவர் அதற்காகவே வாங்குவார்.

உண்மையான ஆபத்து நடுவில் இருக்கிறது. மண்டபத்தின் தரை சமதளம், ஆட்டமும் தரையில். நடுவில் எத்தனை வரிசை போடுகிறீர்கள்? விலை வைப்பதற்கு முன் ஒரு நாள் போய் நாற்காலிகளைப் போட்டு, உயரமான ஒருவரை முன்னால் உட்காரவைத்து, கடைசி வரிசையில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். களத்தில் ஒருவரை நிறுத்திக் கால் தெரிகிறதா என்று பாருங்கள். கால் தெரியாத கூத்தை முழு விலைக்கு விற்கக்கூடாது.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 8 ஜனவரி

போய்ப் பார்த்தோம். எட்டு வரிசை, வரிசைக்குப் பதினைந்து நாற்காலி, ஆக 120. ஐந்தாம் வரிசை வரை பாதம் தெரிகிறது. ஆறாம் வரிசையில் முழங்காலுக்குக் கீழே தலைகள் மறைக்கின்றன. எட்டாம் வரிசையில் கிரீடமும் புஜக்கட்டையும் முகமும்தான். அடவு போய்விடுகிறது. சென்ற வருடம் எட்டாம் வரிசைக்காரர்களிடமும் முதல் வரிசைக்காரர்களிடமும் ஒரே பணம் வாங்கியிருக்கிறோம். இரவு உறங்கவே முடியவில்லை.

பின் மூன்று வரிசைகளை உயர்த்த மரப்பலகை வாடகை கேட்டேன், கட்டுப்படியாகவில்லை. அதனால் விலையைப் பிரிக்கிறோம். எங்கள் கணக்கை வெளிப்படையாக வைக்கிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள். குழுவுக்கு 35,000, மண்டபம் 15,000, ஒலி ஒளி 8,000, பாயும் நாற்காலியும் 4,000, குழுவினர் சாப்பாடு 5,000, அச்சு 3,000. மொத்தம் 70,000. நன்கொடையாக 20,000 வருகிறது. மீதி 50,000 டிக்கெட்டில் வரவேண்டும். நான் முதலில் போட்ட விலையில் நடு 120 பேர் 36,000, பக்கம் 100 பேர் 20,000, பாய் 60 பேர் 6,000. ஆக 62,000. போதும் என்று நினைக்கிறேன்.

சபாக் கணக்கர், 8 ஜனவரி

அரங்கு நிரம்பினால்தானே 62,000? நிரம்பாது என்று வைத்துத்தான் விலை போடவேண்டும். நான் எப்போதும் முக்கால் அரங்குக்குக் கணக்குப் பார்ப்பேன். 62,000த்தில் முக்கால் 46,500. போதவில்லை. அதோடு நன்கொடையாளர்களுக்கு இலவச இடம் கொடுப்பீர்கள் அல்லவா? எத்தனை பேர், எந்த வரிசை? அதை முதலில் கழியுங்கள்.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 9 ஜனவரி

இருபது பேர். முன் ஐந்து வரிசைக்குள்தான் கொடுக்கவேண்டும், அவர்கள் இல்லையென்றால் கூத்தே இல்லை.

திருத்திய கணக்கு: முன் ஐந்து வரிசையில் 75, அதில் விற்பனைக்கு 55, தலா 400 என்றால் 22,000. பின் மூன்று வரிசை 45, தலா 300 என்றால் 13,500. பக்கம் 20,000, பாய் 6,000. மொத்தம் 61,500. முக்கால் பங்கு 46,125. வாசலில் டீக்கடை போடுகிறவர் 4,000 தர ஒப்புக்கொண்டிருக்கிறார். 50,125. மயிரிழையில் தேறுகிறது.

அச்சகத்தார், 10 ஜனவரி

துண்டறிக்கை, டிக்கெட் அச்சிடும் தொழில் எனக்கு. ஒன்றை மறந்துவிட்டீர்கள். டிக்கெட் 250 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கட்டவேண்டும். 400 ரூபாய் டிக்கெட்டை 472 என்று அச்சிடவேண்டியிருக்கும்.

சபாக் கணக்கர், 10 ஜனவரி

250 பழைய வரம்பு. 2018 ஜனவரியில் அதை 500 ஆக உயர்த்திவிட்டார்கள். நடனம், நாடகம், இசை நிகழ்ச்சிகளுக்கு ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 500 வரை இருந்தால் விலக்கு. 400க்கு அந்த வரி வராது. ஆனால் அச்சகத்தார் கேட்டது நல்லது. ஏனென்றால் இங்கே இன்னொரு வரியும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கை வரி உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்துப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் அறிவிப்பில் வரும் தொகை, வாசகர் கையிலிருந்து போகும் முழுத் தொகையாக இருக்கவேண்டும். வாசலில் “கூடுதலாக இவ்வளவு” என்ற பேச்சே வரக்கூடாது.

நெய்வேலி வாசகி, 11 ஜனவரி

“குழந்தைகளுக்கு இலவசம்” என்ற வரியை யாரும் கேட்கவில்லையே. எந்த வயது வரை? என் அக்கா மகனுக்குப் பதினான்கு, அவன் வீட்டில் இன்றும் குழந்தைதான். இலவசக் குழந்தைக்குத் தனி நாற்காலி உண்டா, மடியா?

காஞ்சிக் கூத்துப்பிரியர், 11 ஜனவரி

நல்ல கேள்வி, அம்மா. போன வருடம் ஒரு குடும்பம் இரண்டு டிக்கெட்டுக்கு ஐந்து நாற்காலியில் உட்கார்ந்தது. அவர்கள் மேல் தவறில்லை, நாங்கள்தான் “இலவசம்” என்று எழுதியிருந்தோம். இந்த முறை: ஐந்து வயது நிறையாத குழந்தை பெற்றோர் மடியிலோ பாயிலோ இருந்தால் டிக்கெட் வேண்டாம். ஐந்து வயது முதல் எல்லோருக்கும் முழு டிக்கெட். பாய் நூறு ரூபாய்தான் என்பதால் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைக்கலாம்.

ஆரணித் தம்பி, 12 ஜனவரி

அண்ணா, நுழைவு நேரம் பற்றி என்ன முடிவு? “10.30க்குக் கதவு மூடப்படும்” என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது சபா வழக்கம். கூத்துக்கு மாடு கட்டிவிட்டு வருகிறவர், கடை சாத்திவிட்டு வருகிறவர், ஒரு தூக்கம் போட்டுவிட்டு இரண்டாம் ஜாமத்தில் வருகிறவர் எல்லோரும் உண்டு. கட்டியக்காரன் வந்து சிரிக்கவைப்பதே வருகிறவர்கள் வந்து அமரட்டும் என்றுதானே.

சபாக் கணக்கர், 12 ஜனவரி

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. நாங்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் கதவைத் திறப்போம். அந்த முறை இங்கே பொருந்தாது. இருந்தாலும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்: திரை பிடித்திருக்கும்போது மட்டும் யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. திரை விலகியதும் உள்ளே விடலாம்.

வெளியே போய்த் திரும்புவதையும் எழுதுங்கள். டீக்கடை வாசலில் என்றால் எல்லோரும் போவார்கள். டிக்கெட்டின் ஒரு பாதியை வாசலில் கிழித்து நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள், மறுபாதி அவர் கையில். திரும்பும்போது அந்தப் பாதியைக் காட்டவேண்டும் என்றால், வெளியே நிற்கும் நண்பருக்கு அதைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். கையில் முத்திரை குத்தலாம். முத்திரையின் மை இரண்டு மணிக்கே வியர்வையில் அழிந்துவிடும், அனுபவம். தாள் வளையம் கட்டுங்கள். அவிழ்த்தால் கிழியவேண்டும்.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 13 ஜனவரி

தாள் வளையம்தான். நான்கு நிறம்: முன் நடு மஞ்சள், பின் நடு பச்சை, பக்கம் நீலம், பாய் சிவப்பு. உள்ளே வழிகாட்டும் பிள்ளைகளுக்கும் எளிது.

பக்கம் பற்றி இன்னொரு சிக்கல் தெரிந்தது. “இடப்பக்கம், வலப்பக்கம்” என்று டிக்கெட்டில் போட்டால், ஆடுகிறவருக்கு இடமா, பார்க்கிறவருக்கு இடமா? எங்களுக்குள்ளேயே மூன்று பேர் மூன்று விதமாகப் புரிந்துகொண்டோம். என் மனைவி ஒரே சொல்லில் தீர்த்துவிட்டாள். அந்த மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போயிராதவர்கள் இந்த ஊரில் குறைவு. “சமையலறைப் பக்கம்”, “தோட்டத்துப் பக்கம்” என்று போட்டுவிட்டோம்.

அச்சகத்தார், 16 ஜனவரி

பொங்கல் கழிந்து கடை திறந்துவிட்டேன். ஜிஎஸ்டி விஷயத்தில் நான்தான் பழைய கணக்கில் இருந்தேன், ஐயாவுக்கு நன்றி. டிக்கெட் வடிவமைப்புக்கு ஒரு யோசனை. வரிசைக்கு ஆங்கில எழுத்து போடுகிறவர்கள் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள், ஒன்று, சுழியம் போலத் தெரியும் என்பதால். உங்களுக்கு எட்டு வரிசைதானே, வரிசையை எண்ணிலும் இருக்கையைத் தமிழ் எழுத்திலும் போடவா?

காஞ்சிக் கூத்துப்பிரியர், 16 ஜனவரி

வேண்டாம் ஐயா, நள்ளிரவு விளக்கொளியில் க, ச என்று தேடுவது கடினம். “வரிசை 3, இருக்கை 11” என்று சொல்லாகவே போடுங்கள். டிக்கெட் எண்ணை மட்டும் பெரிதாக, இரண்டு பாதியிலும்.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 19 ஜனவரி

மாநகராட்சியில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட்டோம். இன்று அச்சுக்குப் போகும் வாசகம் இது. எல்லோருக்கும் நன்றி.

“கர்ணன் கூத்து. 2025 பிப்ரவரி 8, தை 26, சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 5.30க்கு முடியும். வாசல் சனி இரவு 9 மணிக்குத் திறக்கும். களம் மண்டபத்தின் தரையில், மேடையில் அல்ல.

நடு, வரிசை 1 முதல் 5: ரூ.400. நடு, வரிசை 6 முதல் 8: ரூ.300; ஆடுபவர் பாதம் தெரியாது. சமையலறைப் பக்கம், தோட்டத்துப் பக்கம்: ரூ.200; பக்கவாட்டுப் பார்வை, திரைக்குப் பின்புறம் தெரியும். பாய்: ரூ.100, எண் கிடையாது, முதலில் வருபவர் முன்னால். இதற்கு மேல் எந்தக் கட்டணமும் இல்லை.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு மடியில் அல்லது பாயில் டிக்கெட் தேவையில்லை. இரவு எந்நேரமும் வரலாம். திரை பிடித்திருக்கும்போது மட்டும் வாசலில் காத்திருக்கவேண்டும். கைவளையம் இருந்தால் வெளியே சென்று திரும்பலாம். ஒரு டிக்கெட் எண்ணுக்கு ஒருவர். பிளாஷ் வெளிச்சம், வீடியோ கூடாது. பிப்ரவரி 5 வரை திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம், பிறகு இல்லை. கூத்து நடக்காவிட்டால் முழுப் பணம். கார், இரு சக்கர வண்டிகள் மண்டபத்தின் பின்வாசல் வழியாக. தங்கும் அறை இல்லை.”

சபாக் கணக்கர், 19 ஜனவரி

“பாதம் தெரியாது” என்று ஓர் அறிவிப்பில் எழுதிப் பார்த்ததில்லை. என் காலத்தில் தூணுக்குப் பின்னால் இருந்த இருக்கைகளை நாங்கள் ஒன்றும் சொல்லாமல்தான் விற்றோம். இன்று அது உறுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. யுபிஐயில் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதை வைத்து டிக்கெட் கொடுக்காதீர்கள். பழைய படத்தில் தேதியை மாற்றிக் காட்டுவது எளிது. அந்தப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்து, டிக்கெட் எண்ணுக்கு எதிரே அதை நோட்டில் எழுதிய பிறகே கொடுங்கள்.

பெங்களூர் வாசகர், 22 ஜனவரி

மூன்று வாங்கிவிட்டேன், சமையலறைப் பக்கம். முன் வரிசை வாங்கத்தான் நினைத்தேன். திரைக்குப் பின்புறம் தெரியும் என்று படித்ததும் என் மகள் அதுதான் வேண்டும் என்றாள்.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 10 பிப்ரவரி

நேற்றுப் பகல் முழுவதும் தூங்கினேன். இன்றுதான் நோட்டைத் திறந்தேன். முன் நடு 55ம் விற்றது. பின் நடு 45இல் 21தான். சமையலறைப் பக்கம் 50ம் போனது, தோட்டத்துப் பக்கம் 38. பாய் 60ம் போனது. மொத்தம் 224 டிக்கெட், 51,900 ரூபாய். டீக்கடைப் பணம் சேர்த்து 55,900. செலவுக்குத் தேவை 50,000. மிஞ்சிய 5,900ஐ முகவீணைக்காரருக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் கொடுத்தோம், அவர்களுக்குத்தான் எப்போதும் கடைசிப் பங்கு.

ஞாயிறு இரவு மண்டபத்துக்குப் போய் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன், யாராவது தவறாக வந்துவிடுவார்களோ என்று. ஒருவரும் வரவில்லை.

பின் வரிசை பாதிக்கும் மேல் காலி. “பாதம் தெரியாது” என்று எழுதியதால்தான் விற்கவில்லை என்று எங்கள் குழுவில் இருவர் வருத்தப்படுகிறார்கள். எழுதாமல் விற்றிருந்தால் இன்னும் ஏழாயிரம் வந்திருக்கும் என்பது உண்மை. எழுதியதற்கு நான் வருந்தவில்லை. அடுத்த முறை அந்த மூன்று வரிசைக்கு 200 வைப்போம், அல்லது பலகைக்குப் பணம் தேடுவோம்.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 10 பிப்ரவரி, இரவு

ஒரு சண்டை வந்தது, அதை மறைக்கக்கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பினோம், வாசலில் எண்ணைச் சொல்லி வளையம் வாங்கிக்கொள்ளலாம் என்று. தோட்டத்துப் பக்கத்து 143ஆம் எண்ணோடு இரண்டு பேர் வந்தார்கள். வாங்கியவர் மகிழ்ச்சியில் குடும்பக் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். அவருடைய உறவினர் ஒருவர் அதை எல்லோருக்குமான அழைப்பு என்று நினைத்து முதலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு எண்ணுக்கு ஒருவர் என்று எழுதினோம், அந்த ஒருவர் யார் என்று எழுதவில்லை. நோட்டில் பெயர் இருந்ததால் வாங்கியவரைக் கண்டுபிடித்தோம். உறவினர் வெட்கப்பட்டு எழுந்தார். தோட்டத்துப் பக்கம் காலி இருந்ததால் இருநூறு கொடுத்து அங்கேயே உட்கார்ந்தார். அரங்கு நிரம்பியிருந்தால் என்ன செய்திருப்போம்? “எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே இடம், படத்தைப் பகிரவேண்டாம்” என்று அடுத்த முறை சேர்க்கவேண்டும்.

ஆரணித் தம்பி, 11 பிப்ரவரி

நானும் வந்திருந்தேன் அண்ணா, பாயில். பக்கவாட்டு இடம் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். மூன்று மணிக்கு எழுந்து நீலவளையக்காரர்கள் பக்கம் சற்று நேரம் நின்றேன். திரைக்குப் பின்னால் கர்ணன் வேஷக்காரர் பாடத் தொடங்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றதை இருபது வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஒரு குறை. அந்த நேரத்தில் முன் நடுவில் பத்துப் பதினைந்து நாற்காலி காலி. பாதி பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், சிலர் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி முட்டி வலியோடு பாயில் இருந்தார். அந்த நாற்காலியில் அவரை உட்காரவைக்கலாமா என்று வழிகாட்டிய பையனிடம் கேட்டேன். “மஞ்சள் வளையம் இல்லையே அண்ணா” என்றான். அவன் சொன்னது விதிப்படி சரி.

சபாக் கணக்கர், 11 பிப்ரவரி

நானூறு கொடுத்தவரின் இடம் விடியும் வரை அவருடையது. டீ குடித்துவிட்டுத் திரும்பியவர் இன்னொருவரை எழுப்புவது இருவருக்கும் அவமானம். நான் அந்த விதியைத் தொடமாட்டேன்.

நெய்வேலி வாசகி, 11 பிப்ரவரி

அப்படியானால் முட்டி வலிக்காரருக்குப் பாய் விலையில் நாலைந்து நாற்காலியைப் பாய்க்குப் பின்னாலேயே போட்டுவிடலாமே. எத்தனை என்று அறிவிப்பிலும் சொல்லிவிடுங்கள்.

காஞ்சிக் கூத்துப்பிரியர், 12 பிப்ரவரி

பாய்க்குப் பின்னால் நாற்காலி போட்டால் முதல் வரிசைக்கு மறைக்கும், அம்மா. பாயின் இரு ஓரத்திலும் மூன்று மூன்றாகப் போடலாம் என்று தோன்றுகிறது. மண்டபச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளை மாலை போய் ஆறு நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.